போடியில் எழுதிய வடிவமைப்பு ஆவணம்: ஒரே நிரலா, தனித்தனிச் சேவைகளா?

புதிதாகத் தொடங்கும் ஒரு மென்பொருள் நிறுவனம் தன் முதல் தயாரிப்புக்கு எழுதும் வடிவமைப்பு ஆவணத்தில் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நிரலாக, அதாவது மோனோலித்தாக எழுதுவதா? அல்லது வேலைக்கு ஒன்றாகத் தனித்தனிச் சேவைகளாகப் பிரித்து, அவை நெட்வொர்க் வழியாக ஒன்றோடொன்று பேசும்படி வைப்பதா? போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கணக்குக்காக ஒரு செயலி செய்தபோது இந்தக் கேள்விக்கான பதிலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த ஆவணம் எப்படி உருவானது, எந்தக் கணக்கு எந்தப் பக்கம் முடிவைத் தள்ளியது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் தொழில். போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. தோட்டம் கேரளத்தில் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களிலும் வியாபாரிகளிலும் பலர் தேனி மாவட்டத்துக்காரர்கள். ஆடிக்குப் பக்கமாகத் தொடங்கி தை, மாசி வரை, ஒரே செடியில் மாதம் அல்லது ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை காய் எடுப்பார்கள். பறித்த பச்சைக்காய் அன்றைக்கே உலர்த்தும் ஸ்டோருக்குப் போய்விட வேண்டும். ஏறத்தாழ 50 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவும் பகலுமாக உலர்ந்தால்தான் பச்சை நிறம் நிற்கும். உலர்ந்த காயைச் சுத்தம் செய்து, லாட்டாகக் கட்டி ஏலத்துக்கு அனுப்புவார்கள். போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையங்கள் இருக்கின்றன. எத்தனை லாட், வந்த எடை, விற்ற எடை, அதிகபட்ச விலை, சராசரி விலை என்று ஏலம் முடிந்ததும் விவரம் வெளியாகும்.

நாங்கள் செயலி செய்துகொடுத்த ஸ்டோர், பெரிய தோட்டக்காரர்களோடு சேர்த்து அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் காயையும் வாங்கி உலர்த்தித் தருகிறது. சிறு விவசாயி ஒருவரின் காய் தனி லாட்டாகத் தேறாது. அதனால் மூன்று நான்கு பேருடையதைச் சேர்த்து உலர்த்தி, ஒரே லாட்டாக விற்று, பச்சை எடை விகிதத்தில் பணத்தைப் பிரிப்பார்கள். நடுவில் உரத்துக்கும் மருந்துக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழிப்பார்கள். செயலி செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மலையில் எடை போடுவது, ஸ்டோரில் உலர்ப்பைப் பதிவது, விற்ற விலையை ஏற்றுவது, கணக்குத் தீர்ப்பது, விவசாயிக்குச் செய்தி அனுப்புவது. இந்த ஐந்தும் ஒரே நிரலாகவா, ஐந்து சேவைகளாகவா?

ஆவணத்தின் முதல் பகுதியில் நான் கட்டமைப்பு பற்றி எதுவும் எழுதவில்லை; அளவுகளை எழுதினேன். சீசனின் உச்சத்தில் 40 எடை இடங்கள், இடத்துக்கு நாளொன்றுக்கு 150 எடைப் பதிவுகள். மொத்தம் 6,000. ஜீப்புகள் திரும்பும் மாலை நேரத்தில் நான்கு மணி நேரத்துக்குள் இவ்வளவும் வருகிறது என்று வைத்தாலும், இரண்டரை நொடிக்கு ஒரு பதிவுதான். மாத வாடகைக்கு எடுக்கும் சின்ன சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸே நொடிக்கு நூற்றுக்கணக்கில் இப்படிப்பட்ட பதிவுகளைத் தாங்கும். ஆகவே, "நாளைக்குக் கூட்டம் வந்தால் தாங்குமா?" என்ற காரணத்தைத் தராசிலிருந்து இறக்கிவைத்தாயிற்று. பல ஆவணங்களில் இந்தக் கணக்கு இருக்காது. அது இல்லாதபோது, வராத கூட்டத்துக்காகச் சேவைகள் பிரிக்கப்படுகின்றன.

எங்கள் அணியில் மூன்று பேர். சென்னையில் நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் உள்ள நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பிரிக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார். அவருடைய வாதம் வலுவானது. அதை அப்படியே ஆவணத்தில் எழுதினேன்.

"அண்ணே, பின்னாடி பிரிக்கிறதுதான் கஷ்டம். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்ட பிறகு யாராலயும் பிரிக்க முடியாது. இப்பவே கோடு போட்டு வச்சிருவோம்."

கோடு போட வேண்டும் என்பது சரி. எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. அவர் போட்ட முதல் படத்தில் முன்பணம், விவசாயியின் முகவரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு சேர்ந்து "விவசாயி" சேவைக்குள் இருந்தது. பார்வைக்கு அது இயல்பானதுதான். ஸ்டோரில் சில நாள் உட்கார்ந்து பார்த்தபோதுதான், முன்பணம் சில சமயம் ஆளுக்காகவும் சில சமயம் குறிப்பிட்ட மூட்டைகளை ஈடாக வைத்தும் கொடுக்கப்படுவது தெரிந்தது. மூட்டையை வைத்துக் கொடுத்தது அந்த லாட் விற்றதும் கழிய வேண்டும். ஆளுக்காகக் கொடுத்தது சீசன் முடிவில் கழியலாம். அப்படியென்றால் முன்பணத்தின் இடம் கணக்குப் பகுதி. ஒரே நிரலில் இந்த இடமாற்றம் ஒரு பிற்பகல் வேலை: கோப்பை நகர்த்தி, அட்டவணையை மாற்றி, சோதனையை ஓட்டிப் பார்த்தால் போதும். இரண்டு சேவைகளுக்கிடையே என்றால் இரண்டு டேட்டாபேஸ்களுக்கு நடுவே தரவை மாற்ற வேண்டும், இரண்டு ஏபிஐ-களையும் மாற்ற வேண்டும், பழைய வழியும் புது வழியும் சில நாள் சேர்ந்தே ஓட வேண்டும். தொழில் இன்னும் முழுதாகப் பிடிபடாத நேரத்தில் போடும் கோடு தவறாகும் வாய்ப்பு அதிகம். தவறும்போது எளிதில் அழிக்கக்கூடிய இடத்தில் அதைப் போடுவது நல்லது. மார்ட்டின் ஃபவுலர் 2015-ல் மோனோலித்தில் தொடங்குங்கள் என்று எழுதியதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இனி கணக்குத் தீர்ப்பு. தராசு தெளிவாகச் சாய்ந்த இடம் இதுதான், அதனால் ஒரு லாட்டை எடுத்து முழுவதும் பார்க்கலாம். மூன்று விவசாயிகள் 100, 60, 40 கிலோ பச்சைக்காய் கொண்டுவருகிறார்கள். மொத்தம் 200. உலர்ந்து 40 கிலோ ஆகிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, கிலோ 2,400 ரூபாய்க்கு விற்றதாகக் கொள்வோம்; ஏலக் கமிஷனை விட்டுவிடுவோம். லாட்டின் தொகை 96,000. முதல் விவசாயியின் பங்கு பாதி, 48,000. பச்சைக்காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் வீதம் உலர்ப்புக் கூலி 1,000. முன்பணம் 15,000. கையில் வர வேண்டியது 32,000.

இதைத் தனிச் சேவைகளில் செய்தால் என்ன நடக்கும்? விற்பனைச் சேவை "லாட் விற்றாயிற்று" என்று குறிக்கும். கணக்குச் சேவை 48,000-ஐ வரவு வைக்கும். பிறகு அது, அந்த இளைஞரின் முதல் படத்தில் முன்பணத்தை வைத்திருந்த "விவசாயி" சேவையிடம் 15,000-ஐக் கழிக்கச் சொல்லும். அந்தச் சேவை கழித்துவிடுகிறது; ஆனால் பதில் திரும்பி வருவதற்குள் நெட்வொர்க் அறுந்துவிடுகிறது. கேட்டவருக்கு நடந்ததா, இல்லையா என்று தெரியாது. மறுபடி கேட்டால் இரண்டு முறை கழியலாம். விவசாயிக்கு 32,000-க்குப் பதில் 17,000 போகும். கேட்காமல் விட்டால், முதல் முறை கழியாமல் போயிருந்தால், ஸ்டோருக்கு 15,000 நட்டம். இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து மறுகழிப்பைத் தடுக்கலாம். பாதியில் நின்றதைத் திருப்பியெடுக்கும் எதிர்ப்பதிவுகளை எழுதலாம். எது எங்கே நின்றது என்று தேடப் பின்தொடரும் கருவிகளை வைக்கலாம். அவற்றை எழுதி, சோதித்து, இரவில் எழுந்து பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். எங்களிடம் மூன்று பேர்தான்.

ஒரே நிரல், ஒரே டேட்டாபேஸ் என்றால் அந்தப் பொறுப்பை டேட்டாபேஸ் ஏற்கிறது. ஆவணத்தில் நான் வைத்த துண்டு இது:

```sql
BEGIN;

UPDATE lots SET status = 'SETTLED'
 WHERE id = 412 AND status = 'SOLD';
-- ஒரு வரிசையும் மாறவில்லை என்றால் இங்கேயே ROLLBACK

INSERT INTO ledger (lot_id, grower_id, kind, amount) VALUES
  (412, 7, 'SALE',     48000),
  (412, 7, 'CURING',   -1000),
  (412, 7, 'ADVANCE', -15000);
-- லாட்டின் மற்ற இரண்டு விவசாயிகளின் ledger, outbox வரிகளும் இதே போல COMMIT-க்கு முன்பே

INSERT INTO outbox (lot_id, grower_id, msg)
VALUES (412, 7, 'SETTLED');

COMMIT;
```

`COMMIT` ஆனால் எல்லாம் நடந்தது. ஆகவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை. நடுவில் மின்சாரம் போனாலும் பாதி நிலை என்று ஒன்று கிடையாது. கணக்குப்பிள்ளை பொத்தானை இரண்டு முறை தட்டினாலும், இரண்டாம் முறை `status` ஏற்கெனவே `SETTLED` ஆக இருப்பதால் எந்த வரிசையும் மாறாது, நிரல் திரும்பிவிடும். பணம் தொடர்பான எந்த இரண்டு வேலைகள் ஒன்றாகவே நடக்க வேண்டுமோ, அவற்றுக்கு நடுவே நெட்வொர்க் இருக்கக்கூடாது. ஆவணத்தில் முதல் முடிவாக இதைத்தான் எழுதினேன்.

இன்னொரு கணக்கையும் சேர்த்தேன். ஒரு சேவை 99.9 சதவீத நேரம் இயங்குகிறது என்றால் மாதத்தில் முக்கால் மணி நேரம் போல நிற்கும். ஒரு வேலைக்கு ஐந்து சேவைகளும் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால் மொத்தம் 99.5 சதவீதமாகிவிடும், மாதத்தில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அந்த மூன்றரை மணி, ஸ்டோர் வாசலில் ஜீப்புகள் நிற்கும் மாலையில் வந்தால் பச்சைக்காய் காத்திருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே நிரலுக்குச் சாதகமானவை. ஆனால் இந்தத் தயாரிப்பில் பிரிவு ஓர் இடத்தில் ஏற்கெனவே இருந்தது. அதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மலை தேர்ந்தெடுத்தது. எடை போடும் இடங்கள் பலவற்றில் சிக்னல் கிடையாது. எடை போடுகிறவரின் கைபேசி, சர்வரைக் கேட்காமல் தானே முடிவெடுத்து, பதிந்து, சீட்டுக் கொடுத்தாக வேண்டும். சிக்னல் உள்ள இடத்துக்கு ஜீப் வந்ததும்தான் பதிவுகள் ஏறும். ஆகவே அந்தக் கைபேசிச் செயலி, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தனிச் சேவைதான். தனிச் சேவைகளுக்கு உரிய எல்லாத் தொல்லைகளும் அங்கே உண்டு: ஒரே பதிவு இரண்டு முறை வருவது, முன்பின்னாக வருவது, வராமலே போவது.

இரண்டு முறை வருவதை எளிதில் அடக்கலாம். பதிவின் அடையாள எண்ணைச் சர்வர் கொடுக்காது. கைபேசியே ஒரு யூயூஐடி உருவாக்கிக்கொள்ளும். சர்வரில் `ON CONFLICT (id) DO NOTHING` என்று எழுதிவிட்டால், அதே பதிவு பத்து முறை வந்தாலும் ஒன்றுதான் நிற்கும். தவறாகப் போட்ட எடையை அழித்து எழுதக்கூடாது. எதிர்ப்பதிவு ஒன்றும் சரியான பதிவு ஒன்றும் சேர்க்க வேண்டும். அப்போது வந்த வரிசை மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது.

வராமலே போவதுதான் ஆபத்து. மேலே சொன்ன லாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாமவரின் 40 கிலோ மூட்டை ஸ்டோருக்கு வந்துவிட்டது, உலர்ந்தும் விட்டது. ஆனால் எடை போட்டவரின் கைபேசி சார்ஜ் இல்லாமல் மேலேயே கிடக்கிறது, பதிவு ஏறவில்லை. இப்போது நிரல் 160 கிலோவை வைத்துப் பங்கு பிரிக்கும். முதலாமவருக்கு 48,000-க்குப் பதில் 60,000, இரண்டாமவருக்கு 28,800-க்குப் பதில் 36,000. மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை, அவருடைய 19,200 மற்ற இருவருக்கும் போய்விட்டது. கொடுத்த மொத்தம் 96,000, வந்த மொத்தம் 96,000. வரவும் செலவும் சரியாக நேராகின்றன. எந்த எச்சரிக்கையும் எழாது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஸ்டோரின் கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டவே இல்லை.

"இருநூறு கிலோ பச்சை போட்டா நாப்பது வரணும் தம்பி. அஞ்சுக்கு ஒண்ணு. நூத்தி அறுபதுக்கு நாப்பது வந்துச்சுன்னா காய் அதிசயமா காய்ஞ்சிருச்சுன்னு நினைக்கக் கூடாது. யாரோட மூட்டையோ கணக்குல இல்லைன்னு அர்த்தம்."

பச்சைக்கும் உலர்ந்ததற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. நன்றாக விளைந்த காய் என்றால் எடை கொஞ்சம் கூடுதலாக நிற்கும். மழையில் நனைந்ததோ முற்றாததோ என்றால் இன்னும் குறையும். அதனால் துல்லியமான ஒரு எண்ணை வைக்க முடியாது, எல்லை வைக்கலாம். நாலரைக்குக் கீழே அல்லது ஆறுக்கு மேலே விகிதம் போனால் அந்த லாட்டுக்குக் கணக்குத் தீர்க்க நிரல் மறுக்கும். மேலே சொன்ன தவறு நான்குக்கு ஒன்று என்று உடனே மாட்டிக்கொள்ளும்.

பெரிய லாட்டில் ஒரு சின்ன மூட்டை விடுபட்டால் விகிதம் எல்லைக்குள்ளேயே இருந்துவிடும். அதற்கு அவர் வழக்கமாகச் செய்துவந்ததே இரண்டாவது காவல் ஆனது. "சீட்டு நம்பர் இல்லாத மூட்டையை நான் தட்டுல கொட்ட விடமாட்டேன்" என்றார். அதையே நிரலின் விதியாக்கினோம். மலையில் எடை போடும்போதே மூட்டையில் எண்ணிட்ட சீட்டு கட்டப்படும். உலர்ப்புக்கு ஏற்றும்போது ஸ்டோர்க்காரர் அந்த எண்ணைத் தட்டுவார். அந்த எண்ணுக்கு எடைப் பதிவு சர்வரில் இல்லையென்றால் மூட்டையை அங்கேயே மறுபடி எடை போட்டுத் தற்காலிகப் பதிவு போடலாம். ஆனால் மலைப்பதிவு வந்து இரண்டையும் ஒருவர் ஒப்பிட்டு உறுதி செய்யாமல் லாட்டை முடிக்க முடியாது. காயும் காத்திருக்காது, கணக்கும் தவறாது.

2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு விளைச்சல் சுருங்கி, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அப்படிப்பட்ட விலையில் ஒரு 40 கிலோ பச்சை மூட்டை என்பது 56,000 ரூபாய். அரை ஏக்கர்க்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல. எங்கள் மூவரின் நேரம் இந்த மூட்டை விடுபடாமல் பார்ப்பதற்குப் போக வேண்டுமா, ஐந்து சேவைகளை ஒன்றோடொன்று பேசவைப்பதற்குப் போக வேண்டுமா என்று ஆவணத்தில் நேராகவே கேட்டிருந்தேன். பிரிவைச் சமாளிக்கும் உழைப்பு விலையுயர்ந்தது. இயற்கை கட்டாயப்படுத்தும் இடத்தில் அதை முழுதாகச் செலவிட வேண்டும். மற்ற இடங்களில் பிரிவை நாமே உண்டாக்கக்கூடாது. நான் அந்த ஆவணத்தில் சொல்ல நினைத்தது இதுதான்.

ஒரே நிரல் என்றால் ஒரே குவியல் என்று பொருளல்ல. பிரிக்கச் சொன்ன இளைய நண்பரின் கவலைக்கு ஆவணத்தில் தனிப் பகுதி கொடுத்தேன். எடை, உலர்ப்பு, விற்பனை, கணக்கு, செய்தி என்று ஐந்து மாட்யூல்கள். டேட்டாபேஸில் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்கீமா. உலர்ப்பு மாட்யூல் கணக்கின் அட்டவணையை நேரடியாகப் படிக்கக்கூடாது; கணக்கு வெளியிட்டிருக்கும் ஃபங்ஷனைத்தான் அழைக்க வேண்டும். இதை அறிவுரையாக விட்டால் ஆறு மாதத்தில் மறந்துபோகும். அதனால் ஒரு மாட்யூல் இன்னொன்றின் உள்கோப்பை இழுத்தால் சோதனை ஓட்டத்திலேயே தோற்கும்படி விதி எழுதினோம். ஷாப்பிஃபை போன்ற மிகப் பெரிய நிறுவனமும் தன் மோனோலித்தை இப்படி உள்ளே வேலி கட்டித்தான் நடத்துகிறது.

குறுஞ்செய்தி அனுப்பும் வேலையைத் தனியே ஓடும் ப்ராசஸாக வைத்தோம். செய்தி நிறுவனத்தின் சர்வர் மந்தமானால் கணக்குத் தீர்ப்பு காத்திருக்கக்கூடாது. மேலே உள்ள துண்டில் `outbox` என்ற அட்டவணை அதற்காகத்தான்: பணக்கணக்கோடு சேர்ந்தே "செய்தி அனுப்ப வேண்டும்" என்ற குறிப்பும் பதிகிறது, பின்னணியில் ஓடும் ப்ராசஸ் அதை எடுத்து அனுப்புகிறது. நிரல் ஒன்றுதான், டேட்டாபேஸ் ஒன்றுதான். ஓட்டம் மட்டும் தனி. சேவையைப் பிரிக்கக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது இந்த அளவுதான்.

கடைசிப் பகுதியில் இந்த முடிவு எப்போது காலாவதியாகும் என்று எழுதினேன். மூன்று அடையாளங்கள். ஒன்று, அணி வளர்ந்து, ஒரு குழுவின் வேலை முடியாததால் இன்னொரு குழுவின் வெளியீடு அடிக்கடி தள்ளிப்போவது. இரண்டு, ஒரு பகுதிக்கு மட்டும் முற்றிலும் வேறு வகை இயந்திரம் தேவைப்படுவது. மூன்று, வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வேலை வந்து, அந்தச் சாவிகளை மற்ற நிரலிலிருந்து தள்ளி வைக்க வேண்டிய கட்டாயம் வருவது. இவற்றில் ஒன்றும் இல்லாமல் "நிரல் பெரிதாகிவிட்டது" என்ற உணர்வு மட்டும் இருந்தால் பிரிக்கக்கூடாது என்றும் எழுதினேன். எதிர்த்திசையிலும் போகலாம் என்பதற்கு 2023-ல் அமேசான் பிரைம் வீடியோவின் ஓர் அணி வெளியிட்ட அனுபவத்தைச் சேர்த்தேன். ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கத் தனித்தனித் துண்டுகளாகக் கட்டியதை ஒரே நிரலாக்கியதில் அவர்களுக்குச் செலவு 90 சதவீதம் குறைந்தது. துண்டுகளுக்கு நடுவே படங்களைக் கைமாற்றுவதற்கே பெரும் செலவு ஆகியிருந்தது.

முதல் சீசன் முடிந்து இரண்டாவது தொடங்கியபோது, ஸ்டோர்க்காரர் காயைப் படம் எடுத்து, நிறமும் பருமனும் பார்த்துத் தரம் சொல்ல முடியுமா என்று கேட்டார். அந்த வேலைக்குக் கனமான இயந்திரம் வேண்டும். ஆனால் பணத்தைத் தொடாது. ஓர் இரவு நின்றுபோனாலும் யாருடைய கணக்கும் கெடாது. இரண்டாவது அடையாளம் அப்படியே பொருந்தியது. அதைத் தனிச் சேவையாக எழுதினோம். பிரிக்க வேண்டும் என்று முதலில் வாதாடிய அதே நண்பர்தான் அதைக் கட்டினார். உலர்ப்பு மாட்யூலின் வேலி முன்பே போட்டிருந்ததால், படத்தை அனுப்பித் தரத்தைத் திரும்ப வாங்கும் ஒரே ஓர் இணைப்பு போதுமானதாக இருந்தது. கணக்கு மாட்யூலில் அவர் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை.